பச்சை வளையத்தை நம்பி எழுதிய கடிதம்

மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள ஒரு மாணவர் விடுதியில் நான் மெஸ் குழு உறுப்பினராக இருந்த காலத்தில், பழைய முட்டையையும் வேகாத கோழி இறைச்சியையும் பற்றி விடுதிப் பொறுப்பாளருக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவது கடிதம் ஐந்து நாட்களில் குப்பைக்குப் போனது. இரண்டாவது கடிதத்துக்கு மூன்றாம் நாளே பதில் வந்தது. இரண்டுக்கும் இடையில் 19 நாட்கள் கழிந்தன. நோயிலும் அலைச்சலிலுமாக ஒரு பரீட்சை போனது, கையில் இருந்த பணத்தில் 9,850 ரூபாயும் போனது. முதல் கடிதத்தை எழுத உட்கார்ந்த இரவில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து, "இதை எழுதாதே, இதை அளந்து பார்த்து எழுது" என்று சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. அப்படிச் சொல்ல எனக்கு ஆள் இருக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் விடுதியில் 132 பேர் சாப்பிட்டோம். ஆளுக்கு மாதம் 13,500 ரூபாய் கட்டினோம். சமையலை ஓர் ஒப்பந்தக்காரர் எடுத்திருந்தார். ஐந்து பேர் கொண்ட மெஸ் குழுவில் என்னுடைய வேலை, செவ்வாயும் வெள்ளியும் வரும் பொருட்களின் கொப்பியில் கையெழுத்து வைப்பது மட்டுமே. முட்டை ஐந்து தட்டு, கோழி 18 கிலோ என்று எழுதியிருக்கும், நானும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைப்பேன். தட்டில் இருக்கும் முட்டை எப்போது வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முட்டைக் கறியில் நாற்றம் வந்ததாக நாலைந்து பேர் கோப்பையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அந்த வெள்ளிக்கிழமை பகல் கோழிக் கறியில் என் துண்டைப் பிய்த்தபோது எலும்பருகே சிவப்பாக இருந்தது. பசியில் அதை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன். ஞாயிறு இரவு எனக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் தொடங்கின. திங்கள் காலைக்குள் 14 பேருக்கு அதே நிலை. என்னையும் இன்னும் இருவரையும் முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நாள் சேலைன் ஏற்றி, ஜீவனி பக்கற்றுகளைக் கையில் தந்து செவ்வாய் மாலை அனுப்பினார்கள். அன்று காலையில்தான் என் பரீட்சை நடந்து முடிந்திருந்தது.

இந்த இடத்தில் நான் விட்ட ஒரு பெரிய பிழையைச் சொல்லியாக வேண்டும். வைத்தியரிடம் என் வயிற்றைப் பற்றி மட்டும் சொன்னேனே தவிர, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்ட 14 பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி ஆகியிருக்கிறது என்று சொல்லவில்லை. வெட்கமும் களைப்பும்தான் காரணம். உணவு நஞ்சாதல் இலங்கையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. வைத்தியர் அதைச் சந்தேகித்தால் அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பார், அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விசாரிக்க வருவார். நான் வாயைத் திறந்திருந்தால் அந்த வாரமே அவர் எங்கள் சமையலறையைப் பார்த்திருக்கக்கூடும். ஆகவே உங்களுக்கு இப்படி நேர்ந்தால், சேர்க்கும் இடத்திலேயே எத்தனை பேர், எங்கே, எப்போது சாப்பிட்டோம் என்பதைச் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதன் இரவு, நிற்கவும் முடியாத உடம்போடு, கோபத்தில் முதல் கடிதத்தை எழுதினேன். மெஸ்ஸில் அழுகிய முட்டை போடப்படுகிறது, அதற்கு மஞ்சள் கருவைச் சுற்றி இருந்த பச்சை வளையமே சாட்சி என்று எழுதினேன். கோழி இறைச்சி பச்சையாகவே பரிமாறப்படுகிறது, அதற்கு எலும்பருகே இருந்த இரத்தச் சிவப்பே சாட்சி என்று எழுதினேன். முதல்நாள் இரவுச் சாப்பாட்டால் எல்லோருக்கும் நோய் வந்தது என்றும், ஒரு கிருமியின் பெயரைக் குறிப்பிட்டு அதுதான் காரணம் என்றும் எழுதினேன். மற்ற நாலு உறுப்பினர்களும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கவில்லை. ஒருவர் மட்டும், "ஒப்பந்தக்காரர் கோபித்துக்கொண்டு விட்டுட்டுப் போனால் மறுகா நாம என்னத்தச் சாப்பிடுற?" என்று கேட்டார். நான் தனியாகவே கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பொறுப்பாளரின் அறைக்கு அழைத்தார்கள். ஒப்பந்தக்காரர் தன் வீட்டுக் கோழி அன்று காலையில் இட்ட முட்டை என்று சொல்லி நான்கு முட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் முன்னால் கேத்தலில் போட்டு 25 நிமிடம் அவித்து உரித்து வெட்டினார். நான்கிலும் பச்சை வளையம் இருந்தது. அந்த அறையில் நான் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. முட்டையை நீண்ட நேரம் அவித்தால் வெள்ளைக் கருவில் உள்ள கந்தகமும் மஞ்சள் கருவில் உள்ள இரும்பும் சேர்ந்து அந்த நிறம் வரும். அது அதிகமாக அவித்ததன் அடையாளமே ஒழிய, பழுதானதன் அடையாளம் அல்ல. கோழியைப் பற்றியும் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. இளம் புரொய்லர் கோழியின் எலும்பு முற்றாததால், உறைய வைத்து எடுக்கும்போது எலும்பு மச்சையின் நிறம் வெளியே கசிந்து, நன்றாக வெந்த பிறகும் எலும்பருகே சிவப்பாகவே நிற்கலாம். நோய் தொடங்கியதற்கு முந்திய இரவு, அதாவது சனி இரவு, மெஸ்ஸில் இடியப்பமும் சொதியும்தான் என்பதைக் கொப்பியைத் திறந்து காட்டினார். பொறுப்பாளர் சேர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, ஆதாரம் இல்லாமல் ஒருவருடைய தொழிலைப் பற்றி எழுதக்கூடாது" என்று மட்டும் சொல்லிக் கடிதத்தை மடித்து வைத்தார். நான் எடுத்துவைத்த அடையாளங்கள் எல்லாம் பிழையானவை. ஆனால் 14 பேர் நோயுற்றது பிழையல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் ஒரு கிழமை தேவைப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை களுவாஞ்சிக்குடிக்கு வீட்டுக்குப் போனேன். என் பெரியப்பா பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். கடிதத்தின் பிரதியை வாசித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிடாதவன் யாராவது நோயில் விழுந்தானா?" என்பது. யோசித்துப் பார்த்தபோது, நோயுற்ற 14 பேரில் இருவர் சைவச் சாப்பாட்டுக்காரர்கள், கோழியையோ முட்டையையோ தொடாதவர்கள். முதல் கடிதத்தில் அவர்களை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன், என் முறைப்பாட்டைப் பலவீனமாக்கும் என்று நினைத்து. பெரியப்பா அதற்கு மாறாக, விசாரணையைத் தொடங்க வேண்டியதே அந்த இருவரிடம்தான் என்றார். அவர்கள் வெள்ளி பகல் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டது சோறு, பருப்பு, வெள்ளரிக்காய்ச் சம்பல். சோறும் பருப்பும் கொதித்து இறங்கியவை. சம்பல் மட்டும் பச்சையாக வெட்டியது. அது எந்தப் பலகையில் வெட்டப்பட்டது என்று பார்த்து வா என்றார். நோய்க்கு முந்திய ஒரு வேளையை மட்டும் பார்க்கக்கூடாது என்றும் சொன்னார். சால்மொனெல்லா பெரும்பாலும் ஆறு மணித்தியாலத்திலிருந்து மூன்று நாளுக்குள் நோயைக் காட்டும், கோழியில் பொதுவாக இருக்கும் கம்பைலோபக்டர் இரண்டிலிருந்து ஐந்து நாள் வரை எடுக்கும். ஆகவே கடிதத்தில் கிருமியின் பெயரை எழுதாமல், நோய் தொடங்கிய நேரத்திலிருந்து பின்னோக்கி ஐந்து நாள் யார் யார் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுப்பதே நம் வேலை. கிருமியைச் சொல்ல வேண்டியது ஆய்வுகூடம்.

திரும்பி வந்து 14 பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதினேன். நோய்க்கு நாலைந்து நாள் முன் சாப்பிட்டது பலருக்கு நினைவில்லை. மெஸ் கொப்பியைக் காட்டிக் கேட்டபோதுதான் நினைவு வந்தது. அதன் பிறகு சமையலறைக்குள் போனேன். அங்கே உதவிக்கு நின்ற அக்கா என்னோடு மனம்விட்டுப் பேசினார். "என்ன மனே செய்யிற, கோழி பின்னேரம் கட்டியா வரும். விடிய நாலரைக்கு வெளியில எடுத்து வைப்பம். எட்டரைக்கு வெட்டக்குள்ள நடுவில ஐஸ் இருக்கும். வெட்டின பலகையத் தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டு மறுகா அதிலதான் வெள்ளரிக்காய் வெட்டுற." நான் தேடி அலைந்த முழு விடையும் அந்தச் சில வார்த்தைகளில் இருந்தது. குற்றம் சாட்டுகிற குரலோடு போயிருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை முட்டை வந்தபோது, பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கி, தலைமைச் சமையல்காரரை அருகில் வைத்துக்கொண்டு சோதித்தேன். மேலே இருந்த தட்டிலிருந்து பத்து, அடியில் இருந்த தட்டிலிருந்து பத்து. ஒரு வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாக விட்டோம். மேல் தட்டு முட்டைகள் பத்தும் அடியில் படுத்துக் கிடந்தன. அடித் தட்டு முட்டைகளில் ஒன்று சாய்ந்து கிடந்தது, ஆறு கூர்முனை கீழாக எழுந்து நின்றன, மூன்று மிதந்தன. முட்டை பழசாகப் பழசாக ஓட்டின் துளைகள் வழியே ஈரம் வெளியேறி, மொத்தை முனையில் உள்ள காற்றறை பெரிதாகும், அதனால்தான் மிதக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் அது விரைவாக நடக்கும். ஆனால் இந்தச் சோதனை வயதைத்தான் சொல்லும், பழுதைச் சொல்லாது என்பதை மறக்க வேண்டாம். மிதந்த மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் உடைத்தோம். இரண்டில் வெள்ளைக் கரு தண்ணீராக ஓடியது, மஞ்சள் கரு தட்டையாகக் கிடந்தது, நாற்றம் இல்லை. மூன்றாவதை உடைத்ததும் சமையல்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீரில் அமிழ்ந்து படுத்த முட்டை என்பதற்காக அது கிருமி இல்லாதது என்றும் சொல்ல முடியாது, அன்று இட்ட முட்டையிலும் சால்மொனெல்லா இருக்கலாம். அதற்கு மருந்து, இரு கருவும் இறுகும்வரை வேக வைப்பது மட்டுமே.

அடித் தட்டு ஏன் அப்படி இருந்தது என்பதற்கு விடை கண்ணெதிரே இருந்தது. புதுத் தட்டுகளைப் பழைய தட்டுகளின் மேல் வைத்து, மேலிருந்தே எடுத்துச் சமைத்து வந்திருக்கிறார்கள். அடித் தட்டு கேஸ் அடுப்புச் சுவரை ஒட்டி எத்தனை கிழமையாக இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. போதாததற்கு, எச்சம் ஒட்டிய முட்டைகளை வாளித் தண்ணீரில் கழுவி அடுக்கியிருந்தார்கள். கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் படலம் போய்விடும், ஈரத்தோடு அழுக்கும் துளை வழியே உள்ளே இறங்கும். கழுவுவதென்றால் சமைக்கும் நேரத்தில் கழுவ வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்காக, கூரான கம்பி உள்ள சமையல் வெப்பமானி ஒன்றை 2,900 ரூபாய்க்கு வாங்கினேன். அதை வாங்கியவுடன் நம்பக்கூடாது. ஒரு கோப்பை நிறைய ஐஸ் கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் கம்பியை வைத்தால் 0 பாகைக்கு அருகில் காட்ட வேண்டும். எனது 0.5 காட்டியது. 11.45 மணிக்குக் கிடாரத்தை இறக்கியபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, பார்க்கிற எவரும் வெந்துவிட்டது என்றே சொல்வார்கள். நடுவிலிருந்து பெரிய தொடைத் துண்டுகள் மூன்றை எடுத்து, எலும்பில் படாமல் சதையின் தடித்த இடத்தில் குத்திப் பார்த்தோம். 81, 66, 58 பாகை. கோழி இறைச்சியின் நடுவில் 74 பாகை செல்சியஸ் வர வேண்டும். குழம்பின் கொதிப்பு துண்டின் வெளிப்புறத்தைத்தான் காட்டுகிறது. நடுவில் ஐஸோடு போன 18 கிலோவை ஒரே கிடாரத்தில் நெருக்கிப் போட்டு, அகப்பை அடிவரை போகாமல் கிளறினால் உள்ளே இப்படித்தான் இருக்கும். 58 காட்டிய துண்டை வெட்டினோம். வெளிப்பக்கம் வெள்ளையாகவும், நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கண்ணாடிபோல் பளபளப்பாகவும் இருந்தது, சதை நாராகப் பிரியவில்லை, இழுத்தால் ரப்பர் போல் நீண்டது. 81 காட்டிய துண்டிலோ எலும்பருகே சிவப்பு இருந்தது, சதை முழுதும் வெந்திருந்தது. என் முதல் கடிதம் எந்தத் துண்டைக் குற்றம் சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கறியை அடுப்பில் திரும்ப ஏற்றச் சொன்னேன். 25 நிமிடம் பிந்தியது, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் எடுத்த எல்லாத் துண்டும் 80க்கு மேல் காட்டின.

இரண்டாவது கடிதத்தில் "அழுகிய", "அநியாயம்" போன்ற சொற்கள் ஒன்றும் இல்லை. அதன் நடுப்பகுதியை அப்படியே தருகிறேன்.

"மதிப்பிற்குரிய விடுதிப் பொறுப்பாளர் அவர்கட்கு, எனது முன்னைய கடிதத்தில் பச்சை வளையத்தையும் எலும்பருகே உள்ள சிவப்பையும் ஆதாரமாகக் குறிப்பிட்டது தவறு என்பதை ஏற்று, அவ்விரண்டையும் மீளப் பெறுகின்றேன். கடந்த செவ்வாயன்று தலைமைச் சமையல்காரர் முன்னிலையில் சோதிக்கப்பட்ட அடித் தட்டின் பத்து முட்டைகளுள் மூன்று நீரில் மிதந்தன, அவற்றுள் ஒன்று உடைத்தபோது துர்நாற்றம் வீசியது. வெள்ளியன்று மு.ப. 11.45 மணிக்கு அளக்கப்பட்ட மூன்று கோழித் துண்டுகளுள் இரண்டு 74 பாகையை எட்டியிருக்கவில்லை. 25 நிமிடம் மேலதிகமாகச் சமைத்தபோது அக்குறை நீங்கியது. நோயுற்ற பதினான்கு பேரின் ஐந்து நாள் உணவுப் பட்டியலை இணைத்துள்ளேன். அவர்களுள் இருவர் இறைச்சி உண்ணாதவர்கள் என்பதையும், கோழி வெட்டிய பலகையிலேயே சம்பலுக்கான வெள்ளரிக்காய் வெட்டப்படுகின்றது என்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகின்றேன்."

இதன் கீழே நான்கு கோரிக்கைகளை மட்டும் வைத்தேன். முட்டைத் தட்டில் வந்த திகதியைப் பென்சிலால் எழுதி, பழையதை முதலில் எடுப்பது. உறைந்த கோழியை முதல்நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், நீர் வடியாத பாத்திரத்தில் வைத்து இளக விடுவதும், இறக்குமுன் மூன்று துண்டுகளை அளந்து கொப்பியில் எழுதுவதும். இறைச்சிக்குத் தனிப் பலகையும் கத்தியும். ஒவ்வொரு வேளைக் கறியிலும் ஒரு சிறு மூடிப் போத்தல் அளவு எடுத்து மூன்று நாள் குளிரில் வைத்திருப்பது. இந்த நான்காவது எவ்வளவு முக்கியம் என்பது பட்ட பிறகே தெரிந்தது. அந்த வெள்ளிக் கறியில் ஒரு கரண்டி எஞ்சியிருந்தால் ஆய்வுக்கு அனுப்பியிருக்கலாம். பதில் தர ஏழு நாள் தவணை குறித்து, அதற்குள் நடவடிக்கை இல்லையெனில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்ப் பரிசோதிக்குமாறு எமது பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதுவேன் என்று ஒரே வரியில் குறிப்பிட்டேன். மிரட்டுவதுபோல் இருக்குமோ என்று தயங்கியபோது, நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்வது மரியாதைதான் என்று பெரியப்பா சொன்னார். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலகத்தில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டேன். முதல் கடிதத்துக்கு அப்படி ஒன்றும் வாங்கவில்லை, அதனால் அப்படி ஒரு கடிதம் வந்ததற்கே இன்று பதிவு இல்லை. இம்முறை சமையல்காரரும் சாட்சியாகக் கையெழுத்திட்டார். அதைப் பார்த்த பிறகு குழுவில் இருவர் வந்து தங்கள் பெயரையும் சேர்த்தார்கள்.

மூன்றாம் நாள் பொறுப்பாளர் எல்லோரையும் அழைத்தார். ஒப்பந்தக்காரர் முட்டைகளைப் பற்றி ஒன்றும் மறுக்கவில்லை. கோழியை முதல்நாளே இளக வைக்கப் பெரிய குளிர்சாதனப் பெட்டி இல்லை என்றார், அது நியாயமான பேச்சு. விடுதி நிதியில் பழைய பெட்டி ஒன்று வாங்கும்வரை வெள்ளிக்கிழமைகளில் உறையாத கோழியை ஏறாவூரில் காலையில் வெட்டி எடுப்பதென்றும், 18 கிலோவை இரண்டு கிடாரத்தில் சமைப்பதென்றும் முடிவானது. பொறுப்பாளர் என் கணக்கையும் கேட்டார். வண்டிக்கு 900, ஜீவனிக்கும் மருந்துக்கும் 650, ஒன்பது நாள் வெளியில் சாப்பிட்டதற்கு 5,400, வெப்பமானிக்கு 2,900. வெப்பமானியை மெஸ் எடுத்துக்கொண்டு அதன் காசைத் தந்தது. மற்றது கிடைக்கவில்லை, இரசீது இல்லை என்பதால் நானும் வாதாடவில்லை. பரீட்சையை அடுத்த தவணையில் எழுத, நோய் நிர்ணய அட்டையின் பிரதியே போதுமாக இருந்தது.

வெப்பமானி இப்போது சமையலறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது, அருகில் நூலில் கட்டிய கொப்பி ஒன்றும் இருக்கிறது. போன வெள்ளி அதில் 79, 83, 71 என்று எழுதி, 71ஐ வெட்டி, பன்னிரண்டு மணி பத்துக்கு 82 என்று அந்த அக்காவின் கையெழுத்தில் இருந்தது.